பெருமாளை எங்கே காணோம்?

தொடக்கநிலை ஒன்றில் சேரும் மகனுக்குப் பள்ளி திறப்பதற்கு முந்திய ஞாயிறன்று பேருந்துப் பாதையைக் காட்டினேன். பாட்டி தினமும் துணைக்குப் போவார்தான். ஆனாலும் அவனுக்கே வழி தெரியட்டுமே என்று ஓர் ஆசை.

தேக்காவில் ஏறி இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தோம். பேருந்து நிற்பதும் நாம் இறங்குவதும் அந்தப் பக்கம்தானே! முதல் அடையாளமாகச் சாலைக்கு மேலே தொங்கிய பொங்கல் தோரண விளக்குகளைக் காட்டினான். "அதைச் சீக்கிரம் கழற்றிவிடுவார்கள், கண்ணா" என்றேன். கழற்ற முடியாததாகத் தேடினோம். வீரமாகாளியம்மன் கோயில். பிறகு பெருமாள் கோயில் கோபுரம். எங்கள் நிறுத்தம் அதற்கு அடுத்தது. நிறுத்தத்தைப் பார்த்த பிறகு மணியை அழுத்தினால் ஓட்டுநர் தாண்டிப் போய்விடக்கூடும். அதனால் கோபுரத்தைத் தாண்டியதும் மணி என்று பழக்கினேன்.

திரும்பும்போதுதான் என் தவறு புரிந்தது. "அம்மா, பெருமாளை எங்கே காணோம்?" என்று கிட்டத்தட்ட அழுதேவிட்டான். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சிராங்கூன் சாலை ஒருவழிப் பாதை. நகரை நோக்கி வரும் எங்கள் பேருந்து ஜாலான் புசார் வழியாக வருகிறது. காலையில் பார்த்த எதுவும் மாலையில் கண்ணில் படாது. பிள்ளைக்கு அது வழி தவறியதைப் போலத்தானே!

மறுபடி ஏறினோம். இம்முறை திரும்பும் வழிக்குத் தனிப் பட்டியல். வீராசாமி சாலைப் பெயர்ப்பலகையைக் கண்டதும் மணி. சிம் லிம் டவர் வந்துவிட்டால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வந்த வழியே நடக்க வேண்டும்.

முதல் நாள் மாலை பாட்டி கண்ணயர்ந்துவிட்டாராம். மணியை அழுத்தியது அவன்தான்.