கேசட் படத்தில் சீப்புக் கோடுகள்: அன்றும் இன்றும்

1990களில் எடுத்த ஒரு கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றி, கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். தவில்காரரின் முகம் தெளிவாக இருக்கும், தோளில் தொங்கும் தவிலும் தெளிவாக இருக்கும். அடிக்கிற கை மட்டும் கிடையாக வரிவரியாக வெட்டுப்பட்டு, இரண்டு பக்கமும் சீப்பின் பற்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். "டேப் பழசாயிடுச்சு, அதான் கோடு கோடா வருது" என்று கடைகளில் சொல்வதுண்டு. டேப் பழசானால் வெள்ளைக் கீறல் வரும், நிறம் வழியும், படம் ஆடும். இந்தக் கோடுகளுக்கும் டேப்பின் வயதுக்கும் தொடர்பில்லை. புத்தம் புதிய கேசட்டைப் போட்டாலும் இதே கோடுகள் வரும்.

காரணம், அந்தக் கேமரா படம் பிடித்த விதம். நம் நாட்டில் இருந்தது பால் முறை. அதில் நொடிக்கு 25 ஃப்ரேம் என்று சொல்வார்கள். உண்மையில் கேமரா நொடிக்கு 50 முறை காட்சியைப் பதிந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் பாதி வரிகளைத்தான் பதிந்தது: முதலில் ஒற்றைப்படை வரிகள், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576, ஆகவே ஒரு ஃபீல்டில் 288. வி.எச்.எஸ் டேப்பிலும் அவை தனித்தனியாகவே கிடக்கின்றன. டெக்கின் உள்ளே சுழலும் உருளையில் இரண்டு ஹெட்கள் உண்டு. உருளை நொடிக்கு 25 முறை சுற்றும்போது, ஒரு ஹெட் ஒரு ஃபீல்டையும் மற்ற ஹெட் அடுத்த ஃபீல்டையும் டேப்பில் சாய்வான தடங்களாக எழுதுகின்றன.

இரண்டு ஃபீல்டுகளையும் ஒரே படமாகக் கோக்கும்போதுதான் சீப்பு பிறக்கிறது. திரையை இரண்டு நொடியில் கடந்து நடக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். படத்தின் அகலம் 720 புள்ளி என்றால், ஒரு ஃபீல்டுக்கும் அடுத்த ஃபீல்டுக்கும் இடையில் அவர் ஏழு புள்ளி நகர்ந்திருப்பார். ஒரு வரியில் அவர் முன்பு நின்ற இடம், அடுத்த வரியில் ஏழு புள்ளி தள்ளி நிற்கும் இடம். அந்த ஏழு புள்ளிதான் சீப்புப் பல்லின் நீளம். தவில்காரரின் கை இதைவிடப் பல மடங்கு வேகம், ஆகவே பல்லும் நீளம். அசையாத பந்தல் காலில் பல்லே இராது.

அன்று இது யார் கண்ணிலும் படவில்லை. பழைய குழாய் டிவி ஒரு ஃபீல்டை மேலிருந்து கீழே வரைந்து முடித்து, அது மங்கிய பிறகு அடுத்த ஃபீல்டை அதன் இடைவெளிகளில் வரைந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டியதே இல்லை. பார்த்தவர்களுக்கு நொடிக்கு 50 தருணங்கள் வரிசையாகக் கிடைத்தன. அதனால்தான் அந்தப் பழைய பெட்டியில் ஓடிய கல்யாண வீடியோவில் அசைவு அவ்வளவு வழுவழுப்பாக இருந்தது.

பிறகு வீடியோ சி.டி. வந்தது. அதன் அளவு 352க்கு 288. 288 என்பது சரியாக ஒரு ஃபீல்டின் வரிகள். கேசட்டை வி.சி.டி.யாக மாற்றும்போது பெரும்பாலும் ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். கோடுகள் இல்லை, பதிவான தருணங்களில் பாதியும் இல்லை. அடுத்து வந்த டி.வி.டி. இரண்டு ஃபீல்டுகளையும் அப்படியே வைத்துக்கொள்ளக்கூடியது. 2006 முதல் தமிழக அரசு வீடுதோறும் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகளும் குழாய் டிவிதான். அவற்றில் அப்படிப்பட்ட டி.வி.டி. ஓடினால் படம் கேசட்டில் பார்த்ததுபோலவே இருந்தது.

தட்டைத் திரைகளும் கணினியும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் கோடுகள் வெளியே தெரிந்தன. அவை எல்லா வரிகளையும் ஒரே சமயத்தில் ஒளிரவிடுகின்றன. கோத்த படத்தைக் கொடுத்தால் கோத்தபடியே காட்டிவிடும். வாடிக்கையாளர் கோடு என்று குறை சொன்னதும், கடைகளில் மென்பொருளின் டீஇன்டர்லேஸ் கட்டத்தில் ஒரு டிக் அடித்தார்கள். பல மென்பொருள்களில் அதற்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, ஒரு ஃபீல்டை வீசிவிட்டு மிச்சத்தை இழுத்து நீட்டுவது. இன்னொன்று, இரண்டையும் கலந்துவிடுவது. கலந்த படத்தில் சீப்பு மறைந்தது. ஆனால் தவில்காரருக்குப் பாதி தெரிந்தும் தெரியாமலும் இரண்டு கைகள் முளைத்தன, மாலை மாற்றும்போது இரண்டு மாலைகள் தெரிந்தன.

கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. 720க்கு 576 அளவில் சுருக்காமல் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 75 ஜி.பி. ஆகும். மூன்று மணி நேரக் கேசட் ஒன்றுக்கு 220 ஜி.பி.யைத் தாண்டும். 2000களின் தொடக்கத்தில் கடைக் கணினியில் இருந்த ஹார்டு டிஸ்க்கோ 40 அல்லது 80 ஜி.பி. டேப் ஓட ஓடவே சுருக்கி எழுதி, வட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, டிஸ்க்கைக் காலி செய்தால்தான் அடுத்த வேலையை எடுக்க முடியும்.

இன்று வேலையின் நோக்கமே மாறிவிட்டது. கோட்டை மறைப்பது இப்போது குறியில்லை. 50 ஃபீல்டுகளையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் 576 வரிகள் கொண்ட முழுப் படமாக நிரப்பி, நொடிக்கு 50 முழு ஃப்ரேம்களாகக் கொடுப்பதே குறி. இல்லாத பாதி வரிகளை எங்கிருந்து எடுப்பது? அசையாத இடங்களில் பக்கத்து ஃபீல்டிலிருந்து அப்படியே எடுக்கலாம். அவை கேமரா பதிந்த வரிகள்தான், கற்பனை இல்லை. அசையும் இடங்களில் மேலும் கீழும் உள்ள வரிகளைப் பார்த்து, விளிம்பு எந்தச் சாய்வில் போகிறதோ அந்தச் சாய்விலேயே இடைவெளியை நிரப்பவேண்டும். எஃப்.எஃப்.எம்பெக்கில் உள்ள `bwdif` இதை நன்றாகச் செய்கிறது. ஏவிசின்த்தில் ஓடும் `QTGMC` இன்னும் ஒரு படி மேல். முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டுகளில் ஒவ்வொரு துண்டும் எங்கே நகர்ந்தது என்று தேடிப் பிடித்து, அங்கிருந்து விவரத்தைக் கொண்டுவருகிறது. மெல்லிய ஜரிகைக் கரை மினுமினுவென்று துடிப்பதை அது அடக்கும். பதிலுக்கு, நேரம் மிக அதிகம் எடுக்கும்.

ஒரு கல்யாண கேசட்டை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். டெக்கிலிருந்து பிடிக்கும்போது 720க்கு 576, நொடிக்கு 25, தரம் இழக்காத எஃப்.எஃப்.வி.1 அல்லது ஹஃப்யுவி. மணிக்கு 30 முதல் 40 ஜி.பி. வரும். இந்தக் கட்டத்தில் டீஇன்டர்லேஸ் கூடாது, அளவு மாற்றமும் கூடாது. கோடுகள் தெரிந்தால் மகிழ்ச்சி அடையுங்கள்: இரண்டு ஃபீல்டுகளும் பத்திரமாக வந்துவிட்டன.

அடுத்து, எந்த ஃபீல்டு முதலில் என்று கண்டுபிடிக்க வேண்டும். அனலாக் கார்டு வழியாக வந்தால் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதல். DV வடிவத்தில், அதாவது மினி DV கேமரா வழியாக வந்தால், கீழ் ஃபீல்டு முதல். யூகிக்கத் தேவையில்லை, கண்ணால் பார்க்கலாம்:

```
ffplay -vf "setfield=tff,separatefields" kalyanam.avi
```

ஒருவர் ஒரே திசையில் நடக்கும் இடம் வந்ததும் `s` விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபீல்டாக நகர்த்துங்கள். அவர் முன்னே போய்க்கொண்டே இருந்தால் வரிசை சரி. மூன்றடி முன்னே, ஓரடி பின்னே என்று தடுமாறினால் வரிசை தலைகீழ், `tff` இருக்கும் இடத்தில் `bff` போடவேண்டும். இதைப் பார்க்காமல் மாற்றினால் கோடு போய்விடும், ஆனால் வீடியோ முழுக்க ஒரு நடுக்கம் இருக்கும். அந்த நடுக்கத்தையும் டேப்பின் மேல்தான் பழி போடுவார்கள்.

வரிசை தெரிந்த பிறகு, பார்ப்பதற்கான பிரதியை எடுக்கலாம்:

```
ffmpeg -i kalyanam.avi -vf bwdif=mode=send_field:parity=tff -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -aspect 4:3 -c:a aac kalyanam.mp4
```

இதில் உயிர்நாடி `send_field`. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு ஃப்ரேம், நொடிக்கு 50. அதை `send_frame` என்று மாற்றினால் 25 ஃப்ரேம்தான் கிடைக்கும், வி.சி.டி. காலத்தைப் போலப் பாதி தருணங்கள் போய்விடும். மொபைலில் தவில்காரரின் கை பழைய டிவியில் பார்த்த அதே ஓட்டத்தோடு ஓடினால், மாற்றம் சரியாக நடந்திருக்கிறது.

எல்லாக் கேசட்டுக்கும் இதையே செய்யக்கூடாது. அதே அலமாரியில் டிவியில் போட்ட சினிமாவைப் பதிந்த கேசட்டும் இருக்கும். ஃபிலிமில் நொடிக்கு 24 படங்கள்தான். அதைப் பால் ஒளிபரப்புக்குச் சற்று வேகமாக்கி 25 ஆக ஓட்டுவார்கள். ஒரே ஃபிலிம் கட்டத்திலிருந்து இரண்டு ஃபீல்டுகளும் வருவதால் இடையில் அசைவு இல்லை, சீப்பும் இல்லை. சிலசமயம் ஜோடி ஒரு ஃபீல்டு தள்ளிச் சேர்ந்துவிடும், அப்போது படம் முழுக்கக் கோடு தெரியும். அதற்குத் தேவை ஜோடியைத் திரும்பச் சேர்ப்பது, `fieldmatch` அதற்குத்தான் இருக்கிறது. அங்கே டீஇன்டர்லேஸ் செய்தால் முழுதாக இருக்கும் படத்தை வீணாக மங்கலாக்குவோம்.

இன்றைய முறைக்கும் எல்லை உண்டு. தாலி கட்டும் நொடியில் நாலாபுறமிருந்தும் அட்சதை பறக்கும். ஒவ்வொரு அரிசியும் ஒன்றிரண்டு புள்ளி அளவு, ஒரு ஃபீல்டில் இங்கே, அடுத்ததில் எங்கோ. அசைவைத் தேடும் `QTGMC` போன்ற முறைக்கு அதன் ஜோடி கிடைக்காது. கேசட்டின் இரைச்சலும் இதே அளவு பொட்டுகள்தான். இரைச்சல் என்று எண்ணி அரிசியை அழித்துவிடக்கூடும். சிறந்த கருவியில் போட்டதும் அட்சதை குறைந்துபோனால் அந்தப் பகுதியை மட்டும் `bwdif`-ல் மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். முகங்களுக்கு ஒன்று, அட்சதைக்கு வேறொன்று என்று பிரித்துச் செய்வதில் தவறில்லை.

இன்னொரு எல்லை தாண்ட முடியாதது. சில மலிவான கருவிகளும் மென்பொருள்களும் பிடிக்கும்போதே படத்தை 640க்கு 480 ஆகச் சுருக்கிவிடும். 576 வரி 480 ஆகும்போது இரண்டு ஃபீல்டுகளின் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். அப்போது கூர்மையான பற்கள் மறைந்து, அசையும் இடங்களில் பட்டை பட்டையாக ஒரு மங்கல் தெரியும். அதைப் பார்த்தால் எந்த வடிகட்டியும் வேண்டாம், டேப்பிலிருந்து மறுபடி பிடிப்பதே வழி. கலந்த டி.வி.டி.க்கும் இதே பதில்தான். ஆனால் மறுபடி பிடிக்க ஓடுகிற டெக் வேண்டும். கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திவிட்டது.

ஆகவே கேசட்டைக் கடையில் கொடுக்கும்போது, மொபைலில் பார்க்கும் எம்.பி.4 கோப்போடு, டீஇன்டர்லேஸ் செய்யாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். மூன்று மணி நேரம் என்றாலும் 120 ஜி.பி.க்குள் அடங்கும், இன்றைய சாதாரண ஹார்டு டிஸ்க்கின் ஒரு மூலைக்குக் காணாது. `QTGMC`-ஐ விடச் சிறந்த ஒன்று நாளை வந்தால், கோடுகளோடு இருக்கும் அந்தக் கோப்பிலிருந்து இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். கோடு நீக்கிய கோப்பு மட்டும் கையில் இருந்தால், இன்றைய முறையின் குறைகளோடுதான் அந்தக் கல்யாணத்தை என்றைக்கும் பார்க்க முடியும்.