சம்பளம் கூடி ஸ்லாப் மாறினால் கையில் வருவது குறைந்துவிடுமா?

"இந்த இன்கிரிமென்ட் வந்தா நான் 20 சதவீத ஸ்லாப்புக்குப் போயிடுவேன் சார். மொத்தச் சம்பளத்துக்கும் 20 சதவீதம் பிடிச்சுடுவாங்க. இதுக்கு சம்பளம் ஏறாமலேயே இருந்திருக்கலாம்."

சம்பள உயர்வுக் கடிதம் வரும் மாதத்தில் பல அலுவலகங்களில் இந்தப் பேச்சு கேட்கும். கூடுதல் பொறுப்பை ஏற்றுப் படி வாங்கலாமா என்று சிலர் யோசிப்பதும் இந்த பயத்தால்தான். ஆனால் வருமான வரி அப்படிக் கணக்கிடப்படுவதில்லை. ஸ்லாப் மாறுவதால் மட்டும் யாருக்கும் கையில் வருவது குறையாது. குறையும் இடம் வேறு ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி, வரிக்குரிய வருமானத்தில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி கிடையாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். இப்படி ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5 சதவீதம் கூடிக்கொண்டே போய், 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதத்தில் நிற்கும். 16 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம் என்பது, தாண்டிய பணத்துக்கு மட்டும்தான். அதற்குக் கீழே உள்ள பணம் பழைய விகிதத்திலேயே இருக்கும்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் வருவதற்கு மின் கட்டணமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. வீட்டு மின் இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விகிதமும் கையைவிட்டுப் போய்விடும். அதனால் ஒரு யூனிட் கூடினாலும் பில் சட்டென்று எகிறும். அந்த அனுபவத்தை வைத்து வருமான வரியையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். வருமான வரி ஸ்லாப்பில் இப்படிக் கீழே இறங்கி வந்து பிடிப்பது இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 16,55,000 ரூபாய். சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 15,80,000. முதல் 12 லட்சத்துக்கான வரி 60,000. மீதி 3,80,000-க்கு 15 சதவீதம் என்றால் 57,000. இரண்டும் சேர்ந்து 1,17,000, அதன் மீது 4 சதவீத செஸ் சேர்த்தால் 1,21,680 ரூபாய்.

இவருக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுகிறது. ஆண்டுக்கு 36,000. வரிக்குரிய வருமானம் 16,16,000 ஆகி, அடுத்த ஸ்லாப்புக்குள் 16,000 ரூபாய் நுழைகிறது. கூடிய 36,000-ல் முதல் 20,000 இன்னும் 15 சதவீதத்தில்தான் இருக்கிறது, வரி 3,000. எல்லை தாண்டிய 16,000-க்கு 20 சதவீதம், வரி 3,200. ஆக 6,200, செஸ்ஸுடன் 6,448 ரூபாய். 36,000-ல் இது போக 29,552 அவர் கைக்கு வருகிறது. மாதத்துக்குச் சுமார் 2,463 ரூபாய். இவர் ஸ்லாப் எல்லையைத் தாண்டாமல் இதே 36,000 கூடியிருந்தால் வரி 5,616 ஆகியிருக்கும். அதாவது ஸ்லாப் மாறியதற்காக இவர் கொடுத்த விலை ஆண்டுக்கு 832 ரூபாய், அவ்வளவுதான்.

"ஆனா என் பே ஸ்லிப்புல அப்படித் தெரியலையே" என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. ஏப்ரலில் இருந்து கணக்கிட வேண்டிய உயர்வு, ஜனவரியில் நிலுவையோடு வந்தது என்று வைத்துக்கொள்வோம். முழு ஆண்டுக்கான கூடுதல் வரி 6,448-ஐ நிறுவனம் மீதமிருக்கும் மூன்று மாதங்களில் பிரித்துப் பிடிக்கும், மாதம் சுமார் 2,149. ஜனவரியில் நிலுவைத் தொகை வந்ததால் யாரும் கவனிப்பதில்லை. பிப்ரவரியில் 3,000 கூடிய இடத்தில் 851 மட்டும் கூடுதலாக வரும்போதுதான் "பார்த்தியா, ஸ்லாப் தின்னுடுச்சு" என்ற பேச்சு எழும். ஏப்ரலில் புதிய ஆண்டுக் கணக்கு தொடங்கியதும் பிடித்தம் 12 மாதங்களுக்குப் பரவி, பழையபடி 2,463 வந்துவிடும். அடிப்படைச் சம்பளம் கூடினால் பி.எஃப். பிடித்தமும் கூடலாம். அது உங்கள் கணக்கிலேயே சேரும் பணம், வரியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த வேறு இடத்துக்கு வருவோம். புதிய வரிமுறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், கணக்கிட்ட வரி 60,000 முழுவதும் தள்ளுபடியாகிவிடும். சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரியே இல்லை என்று சொல்வது இதனால்தான். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டினால் அந்தத் தள்ளுபடி இல்லை. தாண்டிய ஒரு ரூபாய்க்காக 60,000 கட்ட வேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காக, மார்ஜினல் ரிலீஃப் என்ற சலுகை வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ, வரி அதைத் தாண்டாது.

கேட்க நன்றாக இருக்கிறது. 12,75,000 சம்பளம் வாங்குபவருக்கு மாதம் 2,000 கூடினால் என்ன ஆகும்? வரிக்குரிய வருமானம் 12,24,000. சாதாரணக் கணக்கில் வரி 63,600. சலுகையால் அது 24,000 ஆகக் குறைகிறது. கூடிய சம்பளமும் அதே 24,000-தான்! அதன் மீது செஸ் 960 வேறு. உயர்வு முழுவதும் வரிக்குப் போய், போன வருடத்தைவிட 960 ரூபாய் குறைவாகவே கையில் நிற்கும். வரிக்குரிய வருமானம் சுமார் 12,70,600-ஐ நெருங்கும் வரை இதே கதைதான். அதைத் தாண்டிய பிறகுதான் கூடுகிற ரூபாய்க்கு 15 சதவீதமும் செஸ்ஸும் என்ற வழக்கமான கணக்கு தொடங்கும்.

ஆகவே சம்பளம் 12,75,000-க்கும் சுமார் 13,45,600-க்கும் நடுவில் விழப்போகிறவர்கள், உயர்வு முடிவாவதற்கு முன்பே சம்பளப் பிரிவில் ஒரு விஷயம் கேட்கலாம். தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.-ல் நிறுவனம் செலுத்தும் பங்குக்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை, புதிய வரிமுறையிலும் கழிவு உண்டு. மேலே சொன்னவருக்கு அந்த 24,000-ஐ ரொக்கமாகத் தராமல் நிறுவனப் பங்காக என்.பி.எஸ்.-ல் செலுத்தினால், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்திலேயே நிற்கும், வரி பூஜ்யம். ஆனால் அந்தப் பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. நீங்களே உங்கள் கையிலிருந்து கட்டும் என்.பி.எஸ். தொகைக்குப் புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை என்பதையும் கவனியுங்கள். எல்லா நிறுவனங்களும் இந்த வசதியைத் தருவதில்லை.

உங்கள் கணக்கைச் சரிபார்க்க வருமான வரித் துறையின் incometax.gov.in தளத்தில் கணக்கீட்டுக் கருவி இருக்கிறது. பழைய சம்பளத்தைப் போட்டு ஒரு முறை, புதிய சம்பளத்தைப் போட்டு ஒரு முறை பாருங்கள். இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசத்தை உயர்விலிருந்து கழித்தால், வரி போக ஆண்டுக்குக் கூடுதலாக வரும் தொகை தெரிந்துவிடும். மாதத்துக்கு எவ்வளவு என்று அறிய 12-ஆல் வகுத்தால் போதும்.