வாங்கிய போனை எப்போது தருவீர்கள்?

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு வீட்டுக்கு வரும் சுற்றறிக்கைகளில் இப்போது செல்போனுக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. "அன்பார்ந்த பெற்றோர்களுக்கு" என்று தொடங்கும் அந்தத் தாள், மாணவர்கள் பள்ளிக்கு போன் கொண்டுவரக் கூடாது, மீறினால் பறிமுதல் செய்யப்படும், எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது என்று முடியும். அடியில் புள்ளிக்கோடு, அதற்கும் கீழே பெற்றோர் கையொப்பம். வகுப்பில் போன் வேண்டாம் என்பதில் பெரும்பாலான பெற்றோருக்குச் சண்டையில்லை. சிக்கல் கடைசி வரியில் இருக்கிறது. திருப்பித் தர மாட்டோம் என்று எழுதிய பள்ளியில் விதி தை மாதம் வரைகூடத் தாங்குவது கடினம். அன்று மாலையே தருவோம் என்று எழுதி, சொன்னபடி ஒவ்வொரு முறையும் வாங்கி வைக்கிற பள்ளியில் அது நிலைக்க வாய்ப்பு அதிகம். கேட்பதற்கு முரணாக இருக்கும். காரணத்தைப் பார்க்கலாம்.

அந்த போன் யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, நாட்டில் 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர்களில் தனக்கென்று சொந்த போன் வைத்திருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் கையில் இருப்பது அப்பாவுடையதோ அம்மாவுடையதோ அண்ணனுடையதோதான். பையன் பையிலிருந்து எடுக்கும் போனில் அம்மாவின் ஜிபே இருக்கும், கேஸ் சிலிண்டருக்கு வரும் ஓடிபி இருக்கும், சுயஉதவிக் குழுவின் வாட்ஸ்அப் இருக்கும். அப்பா ஆட்டோ ஓட்டுபவரென்றால் அன்றைய சவாரியே அதில்தான் வரும். அதை மூன்று மாதம் பீரோவில் பூட்டினால் பையனுக்குக் கிடைக்கிற தண்டனையைவிட வீட்டுக்குக் கிடைக்கிற தண்டனை பெரிது. நகரத்து மெட்ரிக் பள்ளியில் கதை வேறு. அங்கே போன் பையனுடையதாகவே இருக்கும், பறிபோனால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். ஆக, ஒரே வரி ஏழை வீட்டை முடக்குகிறது, வசதியான வீட்டைத் தொடுவதே இல்லை.

"பறிமுதல்" என்ற சொல்லையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் புழங்குகிற சொல் அது, பள்ளிக்கு ஒட்டாது. பிறர் பொருளைச் சிறிது நேரம் வாங்கி வைப்பது வேறு, அது இனி உனக்கில்லை என்பது வேறு. உடைப்பது அதற்கும் மேலே. 2019இல் கர்நாடகக் கல்லூரி ஒன்றில் மாணவர்களின் போன்களை எல்லார் முன்னிலையிலும் சுத்தியலால் அடித்து நொறுக்கிய வீடியோ நாடெங்கும் பரவியது. பார்த்த பலர் கைதட்டவும் செய்தார்கள். ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. "போனோடு பிடிபட்டால் டிசி" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுக்கு எழுதுகிற பள்ளி, தன்னால் செய்ய முடியாததை எழுதுகிறது. 2025 தொடக்கத்தில் கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சில வழிகாட்டுதல்களைத் தந்தது. முழுத் தடை நடைமுறைக்கு ஒத்துவராது; வசதியுள்ள இடங்களில் காலையில் வாங்கி வைத்து மாலையில் கொடுக்கலாம்; வகுப்பில் பயன்படுத்தக் கூடாது; விதியைப் பெற்றோரையும் கலந்து வகுக்க வேண்டும்; மீறினால் என்ன என்பது வெளிப்படையாக, எல்லாருக்கும் ஒன்றாக, அதே சமயம் மிதமிஞ்சிய கடுமை இல்லாமல் இருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு போனை வாங்கி வைப்பதை ஒரு நடவடிக்கையாக நீதிமன்றமே ஏற்கிறது. "குறிப்பிட்ட காலம்" என்பதுதான் அதில் முக்கியம். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டுப் பள்ளியைக் கட்டிப்போடாது. ஆனால் சுற்றறிக்கை எழுத உட்காரும் தலைமையாசிரியருக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி சுலபமாகக் கிடைக்காது.

"பயம் இருந்தால்தானே சார் கேட்பான்?" என்பது ஆசிரியர் அறையில் உடனே எழுகிற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பயம் முதலில் யாரைப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கணக்குப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி பெஞ்சில் ஒருவன் மடியில் வெளிச்சம் தெரிகிறது. விதிப்படி பிடித்தால் போன் ஆண்டு முழுக்கப் போய்விடும், நாளைக் காலை அவன் அம்மா வாசலில் நிற்பார், அடுத்து ஊர்ப் பெரியவர் ஒருவரின் சிபாரிசு வரும், தலைமையாசிரியர் "பார்த்து நடந்துக்கக் கூடாதா" என்பார். இத்தனையும் கணக்கு ஆசிரியருக்குத் தெரியும். எனவே "உள்ளே வைடா" என்பதோடு கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார். அடுத்த வாரம் வேறொருவன் மாட்டுவான்; அவன்மேல் ஏற்கெனவே கோபம் இருப்பதால் விதி முழு வேகத்தில் பாயும். ஒருவனுக்கு விட்டு இன்னொருவனுக்குப் பிடித்த அன்றே வகுப்பின் கண்ணில் அது விதியாக இல்லை, வாத்தியாரின் மூடு ஆகிவிட்டது. தண்டனை சின்னதாக இருந்தால் ஆசிரியர் தயங்க மாட்டார். தயங்காததால் அது தவறாமல் நடக்கும். பதினைந்து வயதுப் பையனுக்கு "ஒருவேளை பெரிதாக மாட்டலாம்" என்பதைவிட "எடுத்தால் கட்டாயம் போகும், சாயங்காலம் அப்பா வந்தால்தான் கிடைக்கும்" என்பதுதான் உறைக்கும்.

அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் 2023இல் பாட நேரத்தில் போனைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அங்குள்ள பெரிய கல்வி மாவட்டம் ஒன்றின் பதிவேடுகளை டேவிட் ஃபிக்லியோ, உமுட் ஓசெக் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் இடைநீக்கங்கள் கூடின, அதிலும் கறுப்பின மாணவர்களிடையே அதிகம். இரண்டாம் ஆண்டில் அது அடங்கியது. மதிப்பெண் உயர்வும் அந்த இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. தண்டனை குறைந்ததால் மதிப்பெண் ஏறியது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் புதிய விதியின் முதல் அடி எந்தப் பிள்ளைகள்மேல் விழும் என்பதை அது காட்டுகிறது. நம் ஊரிலும் அது எந்த பெஞ்சில் விழும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

அப்படியானால் சுற்றறிக்கையில் என்ன எழுதலாம்? போன் எடுத்த இடத்திலேயே, மாணவன் கையாலேயே அணைக்கப்பட வேண்டும். ஆசிரியர் திரையைத் தொடக் கூடாது. கேலரியையோ வாட்ஸ்அப்பையோ திறந்து பார்ப்பது வாங்கி வைப்பதில் சேராது. பழுப்பு நிறக் கவர் ஒன்றில் போட்டு ஒட்டி, மேலே பெயர், வகுப்பு, நேரம், என்ன மாடல், திரையில் கீறல் இருக்கிறதா என்று எழுதி, ஒட்டின இடத்தில் குறுக்காக மாணவனின் கையெழுத்து வாங்க வேண்டும். கீறல் பற்றிய அந்தச் சின்னக் குறிப்பை எழுதாமல் விட்டால் மாலையில் "வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பேச்சு வரும், அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. கவர் தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குப் போகும், பதிவேட்டில் ஒரு வரி ஏறும். முதல் முறை அன்று மாலை பெற்றோரிடம், கையெழுத்தோடு. இரண்டாம் முறையும் அதேபோலத்தான், கூடவே வகுப்பாசிரியரோடு பத்து நிமிடப் பேச்சு. மூன்றாம் முறை என்றால் அந்தப் பருவம் முடியும்வரை அவன் காலையிலேயே அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். கூலி வேலையை விட்டு வர முடியாத பெற்றோருக்கு, பாட்டியோ வயதுவந்த அக்காவோ வரலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பிறரைப் படம் எடுத்துப் பரப்புவது இந்தக் கணக்கில் வராது. அது தனிக் குற்றம், தனியாகத்தான் கையாளப்பட வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுவது நல்லது.

பெற்றோர் தரப்பின் பெரிய கவலை பாதுகாப்பு. மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்பிள்ளையிடம் போன் இருக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பாதுகாப்புக்காகத் தொடர்புகொள்ள போன் உதவுவதை டெல்லித் தீர்ப்பும் ஏற்கிறது. எடுத்துவருவதையும் பயன்படுத்துவதையும் பிரித்துவிட்டால் இந்தச் சண்டை பாதியில் நின்றுவிடும். தேவை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கட்டும், காலையில் ஒப்படைக்கட்டும், கடைசி மணி அடித்ததும் வாங்கிக்கொள்ளட்டும். பதிலுக்கு, பள்ளி அலுவலக எண்ணை அழைத்தால் யாராவது எடுக்க வேண்டும். பல பள்ளிகளில் அந்த லேண்ட்லைன் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பிள்ளை கையிலிருந்து போனை வாங்கும் பள்ளிமேல் பெற்றோருக்கு நம்பிக்கை வராது.

ஆயிரம் பிள்ளைகள் உள்ள பள்ளியில் இதெல்லாம் யார் செய்வது என்று தலைமையாசிரியர் கேட்பார். எல்லாரிடமும் போன் இருப்பதில்லை. எழுதிக் கொடுத்தவர்களுடையது மட்டும் என்றால் வகுப்புக்கு ஒரு மரப்பெட்டி போதும். பழைய உடைந்த போனை ஒப்படைத்துவிட்டு நல்லதைப் பையில் வைத்துக்கொள்வார்கள் என்பதும் உண்மைதான். அதற்காகத் தினமும் பையைக் கொட்டிச் சோதிப்பது விதியைவிடப் பெரிய தொல்லை. மாதம் ஒருமுறை பதிவேட்டைத் திறந்தால் போதும், பல விஷயம் தெரியும். அதே நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் அது நான்கு வீடுகளின் பிரச்சினை. வெவ்வேறு பெயர்கள் ஒரே பாடவேளையில் வந்தால் அந்த வகுப்பறையைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தால் மகிழ அவசரப்படக் கூடாது. பிள்ளைகள் திருந்தியிருக்கலாம், ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டும் இருக்கலாம்.

இதனால் பிள்ளைகள் போனையே மறந்துவிடுவார்கள் என்று மட்டும் எந்தப் பள்ளியும் எழுத வேண்டாம். இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்த பெலாண்ட், மர்ஃபி இருவரின் ஆய்வில் தடைக்குப் பின் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் நன்றாகவே ஏறியது, முன்னணி மாணவர்களிடம் மாற்றமில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்விலோ, தடையுள்ள பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தில் வேறுபாடு தெரியவில்லை. பள்ளிக்குள் போன் பார்க்கும் நேரம் குறைந்தது; முழு நாளைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. பள்ளியின் கை மாலை மணியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகும் பள்ளி நீட்டுகிற கை ஒன்று உண்டு. இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் வீட்டுப்பாடம் அது. அதைப் பார்க்கத்தான் பையன் அம்மாவிடம் போனைக் கேட்கிறான், பாடத்தை எழுதி முடித்த பிறகும் திருப்பிக் கொடுப்பதில்லை. சுற்றறிக்கையின் அடியில் பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளிக்கோடு போட இடமிருக்கிறது: மறுநாள் வீட்டுப்பாடம் பள்ளி விடும் முன்பே டைரியில் எழுதித் தரப்படும் என்று, தலைமையாசிரியரின் கையெழுத்துக்கு.