கடல் கடந்து செல்லும் மாத்திரைகள்

மகளின் பிள்ளைப்பேற்றுக்காகச் சிங்கப்பூர் சென்ற தாயார் ஒருவர், இரண்டு மாதத்தில் திரும்புவதாகக் கூறி, அதற்கு வேண்டிய மாத்திரைகளை மட்டுமே எடுத்துச் சென்றிருந்தார். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர் மேலும் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. ஒத்தக்கடையில் இருந்த அவருடைய கணவர், மருந்துகளை அஞ்சலில் அனுப்பும் எண்ணத்துடன் எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். கையில் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பா. இடம் அடையாதிருக்கட்டும் என்று, ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை அட்டைகளிலிருந்து பிரித்து அதில் நிரப்பியிருந்தார். அன்பும் அக்கறையும் மிகுந்த செயலே. ஆயினும் அந்த டப்பா அப்படியே சென்றிருந்தால், சுங்கத்தில் நின்றிருக்கும். அதற்கும் மேலான சிக்கலும் நேர்ந்திருக்கக்கூடும்.

முதலில் மருந்துச்சீட்டைப் பார்த்தோம். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி., நாளுக்கு ஒன்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி., நாளுக்கு இரண்டு. இரவில் உறக்கத்துக்கு அல்பிரசோலம். முதல் இரண்டையும் அனுப்பலாம். மூன்றாவதை ஒன்றுகூட அஞ்சலில் வைக்கலாகாது. அல்பிரசோலம், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. இத்தகைய மருந்துகளைப் பன்னாட்டு அஞ்சல் விதிகளும் தடை செய்கின்றன. சிங்கப்பூரிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்தே. மருந்துச்சீட்டு உடன் இருப்பதனால் மட்டும் இத்தடை நீங்கிவிடாது. அட்டையில் சிவப்பு நிறத்தில் 'என், ஆர், எக்ஸ்' என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால், பெட்டியில் வைக்காமல் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

அதே வேளையில், நாள்தோறும் உட்கொண்டு வந்த அல்பிரசோலத்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பு கூட வரலாம். ஆகவே அந்த அம்மையார் கைவசமுள்ள மாத்திரைகள் தீருமுன்பே அங்குள்ள மருத்துவரைப் பார்க்கும்படி கூறி, நோய் விவரத்தையும் அளவையும் எழுதிய கடிதத்தை எங்கள் மருத்துவர் கொடுத்தார். கடிதத்தின் படத்தை மகளுக்குக் கைப்பேசியில் அன்றே அனுப்பச் செய்தோம்.

அடுத்தது அளவு. சொந்தப் பயன்பாட்டுக்கான மருந்துக்குச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் வகுத்துள்ள வரம்பு மூன்று மாதத் தேவை. அதன்படி அம்லோடிபின் 90, மெட்ஃபார்மின் 180. பத்து மாத்திரை அட்டையானால் முறையே 9 அட்டைகள், 18 அட்டைகள். ஆறு மாதத்துக்கு ஒரே முறையாக அனுப்பினால் அது விற்பனைச் சரக்கோ என்னும் ஐயம் எழும்.

நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு நாம் இங்கே வெகு இயல்பாகக் கொடுக்கும் பிரிகாபலின், ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வலிக்கான டிராமடாலும் அப்படியே. அது இந்தியாவிலும் 2018 முதல் மேற்கூறிய சட்டத்தின்கீழ் வந்துள்ளது. துபாயில் உள்ள மகனுக்கோ தம்பிக்கோ அனுப்புவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பிரித்த மாத்திரைகளை மீண்டும் அட்டையில் ஏற்ற இயலாது. அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிய அட்டைகள் கொடுத்தோம். மருந்தின் பெயர், தொகுப்பு எண், காலாவதி நாள் யாவும் அட்டையில்தான் உள்ளன. ஈரம் புகாமல் காப்பதும் அந்த அட்டையே. அட்டைகளை வெட்டாமல், மேலுறையோடு ஒரு நெகிழிப் பையில் இட்டு மூடி, கெட்டியான அட்டைப்பெட்டியில் அசையாதபடி தாள் அடைத்து வைத்தோம். மருந்துச்சீட்டின் நகல், ரசீது, மருத்துவர் கடிதம் ஆகியவற்றை உள்ளே ஒன்றும், வெளியுறையில் ஒன்றுமாக இணைத்தோம். சீட்டில் வணிகப் பெயருடன் மூலப்பெயரும் இருத்தல் வேண்டும். நம் ஊர் வணிகப் பெயர் அங்குள்ள அதிகாரிக்குப் புரியாது. பெறுநராக நோயாளியின் பெயரையே, கடவுச்சீட்டில் உள்ளவாறு எழுதச் சொன்னோம்.

சுங்க அறிவிப்புப் படிவத்தில் 'தின்பண்டம்' என்று எழுதினால் எளிதில் போய்விடும் என யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அது பொய் அறிவிப்பு. பெட்டி பறிமுதலாக அதுவே போதும். மருந்தின் பெயர், எண்ணிக்கை, விலை, சொந்தப் பயன்பாடு என்பதை உள்ளபடி எழுத வேண்டும். அனுப்புபவரின் அடையாள அட்டை நகலையும் கையில் கொண்டு செல்லுங்கள்.

இன்சுலினை இவ்வாறு அனுப்பவே வேண்டாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். நம் சித்திரை வெயிலில் நிற்கும் அஞ்சல் வண்டியில் அது கெடும். பனிக்கட்டியை ஒட்டி வைத்தால் உறைந்தும் கெடும். கெட்டது எப்போதும் கண்ணுக்குத் தெரியாது, சர்க்கரை ஏறிய பின்புதான் தெரியவரும். இன்சுலினைச் சென்ற நாட்டிலேயே வாங்குவது நல்லது.

பெட்டி வந்து சேர இரண்டு வாரம் பிந்தினாலும் தாங்கும்படி, கையில் ஒரு மாத மருந்து இருக்கும்போதே அனுப்புங்கள். மருந்துச்சீட்டுடன் எங்கள் மருந்தகத்துக்கு வந்தால், பெட்டியை மூடுமுன் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறோம்.