3,835-ஐச் சுற்றிச் சுற்றி

2022-ம் ஆண்டின் கடைசி ஒன்பது வர்த்தக நாள்களில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு எங்கெங்கே முடிந்தது என்று பாருங்கள்: 3,818, 3,822, 3,878, 3,822, 3,845, 3,829, 3,783, 3,849, 3,840. நடுவில் ஒரே நாளில் ஒன்றரை சதவிகிதம் ஏறியிருக்கிறது, மறுநாளே அதே அளவு இறங்கியிருக்கிறது. இவ்வளவு ஆடியும் அது எங்கும் போய்விடவில்லை. ஆப்ஷன் சந்தையைக் கவனிப்பவர்கள் அந்த டிசம்பர் முழுக்க ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: 3,835. கடைசி நாளில் குறியீடு முடிந்த இடம் அதிலிருந்து ஐந்து புள்ளிகூடத் தள்ளி இல்லை.

அந்த எண் ஒரு மியூச்சுவல் ஃபண்டிலிருந்து வந்தது. ஜேபி மார்கன் ஹெட்ஜ்டு ஈக்விட்டி ஃபண்ட் பெரிய அமெரிக்கப் பங்குகளை வாங்கி வைத்திருக்கும். கூடவே ஒவ்வொரு காலாண்டின் கடைசி வர்த்தக நாளிலும் மூன்று ஆப்ஷன்களைப் புதுப்பிக்கும். குறியீட்டுக்குச் சுமார் 5 சதவிகிதம் கீழே ஒரு புட் வாங்கும். சந்தை விழுந்தால் அது காப்பு. சுமார் 20 சதவிகிதம் கீழே ஒரு புட்டை விற்கும். அதற்கும் கீழே போனால் காப்பு கிடையாது. வாங்கிய புட்டுக்கு மீதி ஆகும் செலவை ஈடுகட்ட, மேலே ஒரு கால் ஆப்ஷனை விற்கும். 2022 செப்டம்பர் 30 அன்று குறியீடு 3,585-ல் இருந்தபோது அது விற்ற காலின் ஸ்ட்ரைக், 7 சதவிகிதம் மேலே இருந்த 3,835. இதில் ரகசியம் எதுவும் இல்லை. எந்த நாளில், எந்த மாதிரி வாங்குவார்கள், விற்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

ஃபண்ட் விற்றால் யாரோ வாங்க வேண்டும். வாங்குபவர்கள் மார்க்கெட் மேக்கர்கள், அதாவது டீலர்கள். சந்தை ஏறுமா இறங்குமா என்பதில் அவர்களுக்கு அபிப்பிராயம் கிடையாது, இருந்தாலும் அதில் பணம் கட்டமாட்டார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்கள் பிழைப்பு. ஆகவே, கையில் வந்த ஆப்ஷனால் உண்டாகும் ஏற்ற இறக்க ஆபத்தை ஃபியூச்சர்ஸில் எதிர்ப்பக்கம் எடுத்து உடனே கழித்துவிடுவார்கள். இதுதான் ஹெட்ஜிங்.

எவ்வளவு எடுப்பது என்பதைச் சொல்வது டெல்டா. குறியீடு சரியாக 3,835-ல் நிற்கும்போது அந்தக் காலின் டெல்டா ஏறக்குறைய 0.5. குறியீடு ஒரு புள்ளி ஏறினால் ஆப்ஷன் அரைப் புள்ளி ஏறும் என்று அர்த்தம். எனவே காலை வாங்கிய டீலர், அதன் மதிப்பில் பாதி அளவுக்கு ஃபியூச்சர்ஸை விற்று வைத்திருப்பார். சிக்கல் என்னவென்றால் டெல்டா நிலையாக நிற்பதில்லை. குறியீடு ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அது மாறும் வேகத்துக்குத்தான் காமா என்று பெயர்.

எக்ஸ்பைரிக்கு ஐந்து வர்த்தக நாள்கள் இருக்கின்றன, சந்தையின் ஆண்டு ஏற்ற இறக்கம் 22 சதவிகிதம் என்று வைத்துக் கணக்கிடுவோம். குறியீடு ஒரு சதவிகிதம், அதாவது 38 புள்ளி ஏறினால் டெல்டா 0.5-லிருந்து சுமார் 0.63 ஆகிவிடும். இப்போது டீலரின் ஹெட்ஜ் போதாது, இன்னும் 0.13 பங்கு விற்க வேண்டும். குறியீடு திரும்ப இறங்கினால் விற்றதை வாங்க வேண்டும். ஆக, சந்தை ஏறும்போதெல்லாம் இவர் விற்கிறார், இறங்கும்போதெல்லாம் வாங்குகிறார். இதில் அவருக்கு லாபமும் உண்டு, ஏனென்றால் மேலே விற்றுக் கீழே வாங்குகிறார். ஆப்ஷனுக்குக் கொடுத்த பிரீமியம் நாளுக்கு நாள் கரைவதை அந்தச் சில்லறை லாபம்தான் ஈடுகட்ட வேண்டும். யாரும் உத்தரவு போடாமலே, சந்தையின் ஆட்டத்தைக் குறைக்கும் ஒரு கை அங்கே வேலை செய்கிறது. ஊஞ்சல் மேலே வரும்போது எதிர்க்கை வைப்பது மாதிரி.

அந்தக் கைக்கு எவ்வளவு பலம்? ஃபண்டின் கையில் அப்போது சுமார் 1,500 கோடி டாலர். ஓர் ஆப்ஷன் கான்ட்ராக்ட் குறியீட்டின் 100 மடங்குக்குச் சமம் என்பதால், அத்தனை பணத்துக்கும் காப்பு எடுக்க 40,000 கான்ட்ராக்ட் அளவுக்கு வேண்டும். அதில் 0.13 பங்கு என்றால் 200 கோடி டாலர். ஒரு சதவிகித ஏற்றத்துக்கு அவ்வளவு விற்பனை. ஃபியூச்சர்ஸ் சந்தையில் அதிகம் கைமாறும் இ-மினி கான்ட்ராக்டில் சொன்னால் சுமார் 10,000. இ-மினி ஒரு நாளில் பத்து லட்சத்துக்கும் மேல் கைமாறும் சரக்கு. ஆக இந்த விற்பனை அதில் ஒரு சதவிகிதம் கூடத் தேறாது. வெறும் அளவை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்கள் வாங்குவதும் விற்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இது எப்போதும் ஒரே பக்கம், அதுவும் விலை நகர்ந்த திசைக்கு எதிராக வரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் பாதிப் பேர் விடுமுறையில் இருக்கும்போது அதன் எடை கூடும்.

நாள் நெருங்க நெருங்க பலமும் கூடும். ஸ்ட்ரைக்குக்கு அருகில் நிற்கும் ஆப்ஷனின் காமா, மூன்று மாதம் மீதியிருக்கும்போது இருப்பதைப்போல ஐந்து நாளில் மூன்றரை மடங்கு. ஒரே நாள் மீதியிருக்கும்போது அதற்கும் மேல் இரண்டு மடங்குக்கு மேல். அதே சமயம் அது குறுகியும் போகிறது. கடைசி நாளில் குறியீடு ஸ்ட்ரைக்கை விட்டு நூறு, நூற்றைம்பது புள்ளி தள்ளிப் போய்விட்டால் காமா கிட்டத்தட்ட இல்லை. டீலர் செய்வதற்கும் ஒன்றுமில்லை.

இது மேல்பாதிக் கதை. ஃபண்ட் வாங்கிய புட்டின் பக்கம் வந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே டீலர் விற்றவர். குறியீடு விழ விழ, விற்ற புட் அவரை அதிகம் கடிக்கும். அதிலிருந்து தப்ப அவர் ஃபியூச்சர்ஸை இன்னும் இன்னும் விற்க வேண்டும். ஏறினால் வாங்கி மூட வேண்டும். விழும் சந்தையில் விற்று, ஏறும் சந்தையில் வாங்குவது நஷ்டக் கணக்குதான். முன்கூட்டியே பிரீமியம் வாங்கிவிட்டதால் அதைச் சகித்துக்கொள்கிறார். சந்தைக்கோ விழும்போது ஒரு தள்ளும், ஏறும்போது ஒரு தள்ளும் கூடுதலாகக் கிடைக்கிறது. முதல் நிலையைப் பாசிட்டிவ் காமா என்றும், இதை நெகட்டிவ் காமா என்றும் சொல்வார்கள். ஒரே ஃபண்டின் ஒரே ஏற்பாடு, மேலே போனால் பிரேக், கீழே போனால் ஆக்ஸிலரேட்டர்.

முந்தைய காலாண்டில் அந்தக் கீழ்ப்பக்கம்தான் நடந்தது. 2022 செப்டம்பர் 30-ல் முடியவிருந்த புட்டின் ஸ்ட்ரைக் 3,580. அந்த வாரம் புதன்கிழமை குறியீடு 2 சதவிகிதம் ஏறியது, வியாழனன்று 2.1 சதவிகிதம் விழுந்தது, வெள்ளியன்று இன்னும் ஒன்றரை சதவிகிதம். புதன்கிழமை ஏற்றத்தைத் தொடங்கியது எந்த டீலரும் அல்ல. அன்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து பிரிட்டிஷ் அரசுக் கடன்பத்திரங்களை வாங்கப்போவதாக அறிவித்தது. டீலர்களின் ஹெட்ஜிங் செய்தியை உண்டாக்காது. வந்த செய்தி எவ்வளவு தூரம் ஓடும் என்பதில்தான் அதற்குப் பங்கு. காமாவை வைத்து நாளைய திசையைச் சொல்கிறேன் என்பவர்களிடம் இதை ஒரு கேள்வியாகவே கேட்கலாம்.

இது வெறும் ஊகமா என்றால், ஆராய்ச்சி இருக்கிறது. கைடோ பால்டுசெனும் அவருடன் மூன்று ஆய்வாளர்களும் 2021-ல் வெளியிட்ட கட்டுரையில், 1974 முதல் 2020 வரை அறுபதுக்கும் மேற்பட்ட ஃபியூச்சர்ஸ் விலைகளை ஆராய்ந்தார்கள். நாளின் கடைசி அரை மணி நேரம், அதுவரை சந்தை போன திசையிலேயே போகும் போக்கு இருந்தது. டீலர்களின் காமா நெகட்டிவாக இருந்த நாள்களில் அந்தப் போக்கு வலுத்தது. அடுத்த சில நாள்களில் அந்த நகர்வு திரும்பிவிட்டது. திரும்பிவிடுகிறது என்பது முக்கியம்: புதுத் தகவலால் வந்த நகர்வாக இருந்தால் நின்றிருக்கும். ஹெட்ஜிங்கின் நெருக்கடியால் வந்தது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இனி கொஞ்சம் சங்கடமான விவரம். 2022 செப்டம்பர் 30 அன்று குறியீடு முடிந்த இடம் 3,585.62. புட்டின் ஸ்ட்ரைக்கிலிருந்து ஆறு புள்ளிக்குள். டிசம்பரைப் போலவே ஒட்டிக்கொண்டு நின்றது என்று பலர் இதையும் சேர்த்துச் சொல்வதுண்டு. ஆனால் நாம் மேலே பார்த்தபடி, நெகட்டிவ் காமா ஸ்ட்ரைக்கை நோக்கி இழுக்காது, அதை விட்டு விலக்கித் தள்ளும். அந்த ஹெட்ஜிங் மட்டுமே சந்தையை ஆட்டியிருந்தால் குறியீடு 3,580-ல் வந்து நின்றிருக்கக் காரணமே இல்லை. ஆகவே செப்டம்பர் தற்செயல் என்றே எனக்குப் படுகிறது. செப்டம்பர் தற்செயலாக நிகழலாம் என்றால், டிசம்பரின் ஐந்து புள்ளி நெருக்கத்தையும் ஆதாரமாக ரொம்பத் தூக்கிப்பிடிக்க முடியாது. முடிந்த இடத்தைவிட, அதற்கு முந்தைய நாள்களில் விலகிய ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததே நல்ல சாட்சி.

இன்னொரு பலவீனம், காமா எக்ஸ்போஷர் என்று தினமும் வெளியாகும் எண்களில் இருக்கிறது. எந்த ஸ்ட்ரைக்கில் எத்தனை கான்ட்ராக்ட் நிலுவையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் டீலர் வாங்கியவரா, விற்றவரா என்பது பொதுத் தகவலில் இல்லை. அதனால் ஓர் அனுமானம் செய்கிறார்கள்: வாடிக்கையாளர்கள் காலை விற்பார்கள், புட்டை வாங்குவார்கள். எல்லாக் கால்களின் காமாவையும் கூட்டி, புட்களுடையதைக் கழித்தால் விடை. நம் ஃபண்டின் ஒரு காலுக்கும் மேல் புட்டுக்கும் அந்த அனுமானம் அச்சாகப் பொருந்துகிறது. அதே ஃபண்ட் விற்கும் இரண்டாவது புட்டுக்கே பொருந்தவில்லை. சந்தையில் கால் வாங்கும் வெறி கிளம்பும் நாள்களில் குறியே மாறிவிடும். நிலுவைக் கணக்கு ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது என்பது அடுத்த கஷ்டம். 2022 முதல் இந்தக் குறியீட்டில் வாரத்தின் ஐந்து நாளும் எக்ஸ்பைரி உண்டு. காலையில் வாங்கி மாலையில் காலாவதியாகும் ஆப்ஷன் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

டிசம்பர் 30 அன்று பழைய ஆப்ஷன்கள் போய், அடுத்த காலாண்டுக்குப் புதியவை வந்தன. 3,835-ல் இருந்த கை விலகியது. ஜனவரி முடிவில் குறியீடு 4,077-ல் இருந்தது. ஃபண்ட் விற்ற புதிய காலின் ஸ்ட்ரைக் 4,065, எக்ஸ்பைரி மார்ச் 31. மார்ச் 29-ல் குறியீடு 4,028, 30-ல் 4,051. டிசம்பரைப் பார்த்தவர்கள் 4,065-ல் நிற்கும் என்று காத்திருந்திருப்பார்கள். அதே ஃபண்ட், ஏறக்குறைய அதே அளவு, அதே பக்கம் டீலர்கள், அதே கடைசி நாள். மார்ச் 31 அன்று குறியீடு 1.4 சதவிகிதம் ஏறி, 4,065-ஐத் தாண்டி 4,109-ல் முடிந்தது.