ஐந்து மீட்டர் மரங்களால் ஐம்பத்தெட்டு மீட்டர் உத்தரம்

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஹார்மண்ட்ஸ்வர்த் என்ற ஊரில் ஒரு பழைய தானியக் களஞ்சியம் நிற்கிறது. 1426-27இல் வின்செஸ்டர் கல்லூரிக்காக ஓக் மரத்தால் கட்டியது. நீளம் ஏறத்தாழ 58 மீட்டர். உள்ளே இரண்டு வரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையின் தலைமீதும், கட்டடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஓர் உத்தரம் ஓடுகிறது. கூரையின் கைமரங்கள் தாங்கள் சுமக்கும் எடையை அதன்மேல்தான் இறக்குகின்றன.

ஐம்பத்தெட்டு மீட்டருக்கு நேராக வளரும் ஓக் எந்தக் காட்டிலும் இல்லை. அப்படியே இருந்தாலும் அதை வெட்டி மாட்டு வண்டியில் ஏற்றி வர முடியாது. ஆகவே அந்த உத்தரம் பல துண்டுகளால் ஆனது. ஒரு துண்டின் நுனியையும் அடுத்த துண்டின் நுனியையும் நீளச் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஆங்கிலத் தச்சர்கள் இதை ஸ்கார்ஃப் என்பார்கள். இங்கே சாய்வு இணைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு மரங்களை முட்டுக்கு முட்டு வைத்து, பக்கவாட்டில் ஒரு பலகையை ஆணியடித்தால் போதாதா என்று தோன்றும். இரு பக்கமும் தூண் மேல் கிடக்கும் ஓர் உத்தரத்தின் நடுவே எடை ஏறும்போது அது கீழ்நோக்கி வளைகிறது. அப்போது மேல் விளிம்பு நசுங்குகிறது. கீழ் விளிம்பு இழுபடுகிறது. முட்டுக்கு முட்டு வைத்த மரம் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கீழே வாய் பிளந்துவிடும். அத்துடன் களஞ்சியத்தின் உத்தரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தூண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சாயாமல் அது இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் நல்ல இணைப்பு அழுத்தம், இழுப்பு, வளைவு, முறுக்கு ஆகிய நான்குக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். இரும்பில்லாமல் மரத்தாலேயே அந்தப் பதிலைச் சொன்ன வடிவங்களில் மிகச் சிறந்தது, நடுவில் ஆப்பு வைத்து இறுக்கும் சாய்வு இணைப்பு.

ஓர் உதாரணத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். 15 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இரண்டு சட்டங்கள். இணைப்பின் நீளம் உயரத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது 80 சென்டிமீட்டர். இடப்பக்க மரத்தின் நுனி கீழே நாக்குப் போல நீளும். வலப்பக்க மரத்தின் நுனி அதன்மேல் வந்து படியும். இரண்டு நாக்கும் முனையில் 5 சென்டிமீட்டர் கனத்தோடு மழுங்கலாக முடிய வேண்டும். கத்தி முனையாகச் சீவிவிட்டால் அந்த மெல்லிய விளிம்பு முதல் அழுத்தத்திலேயே நசுங்கிப் பிளந்துவிடும். மழுங்கிய முனை எதிர் மரத்தில் வெட்டிய முட்டில் போய் நிற்கும்போது, நீளவாக்கில் வரும் அழுத்தம் நேராகக் கடந்துபோகிறது.

இந்த வரைக்கும் செய்தால் அழுத்தத்துக்கு வழி பிறக்கும். இழுத்தால் இரண்டும் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். அதற்குத்தான் நடுவில் ஒரு படி. சாய்வுக் கோடு இடப்பக்கத்திலிருந்து கீழிறங்கிக்கொண்டே வந்து, சரிபாதியில் 3 சென்டிமீட்டர் மேலே ஏறி, மறுபடி கீழிறங்குகிறது. இதனால் கீழ் மரத்தில் ஒரு கொக்கியும் மேல் மரத்தில் அதற்கு எதிர்க் கொக்கியும் அமைகின்றன. இரு கைகளின் விரல்களை மடக்கிக் கோத்து இழுப்பதுபோல, இழுக்க இழுக்க அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

ஆனால் இரண்டு கொக்கிகளும் ஒட்டி உட்காரும்படி வெட்டுவதில்லை. நடுவே 3 சென்டிமீட்டருக்கு ஒரு சதுரச் சந்து விடுகிறார்கள். இந்த வேலையின் மூளை அந்தச் சந்தில் இருக்கிறது. சந்து இருப்பதால் இரண்டு மரங்களையும் சற்று விலக்கி வைத்தே ஒன்றின்மேல் ஒன்று எளிதாக இறக்க முடிகிறது. பிறகு இரு பக்கமிருந்தும் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகி, மாற்றி மாற்றித் தட்டினால், அவை கீழ் மரத்தை வலப்பக்கமும் மேல் மரத்தை இடப்பக்கமும் தள்ளும். இரண்டு நாக்குகளும் தத்தம் முட்டுகளுக்குள் ஊர்ந்துபோய் இறுகும். ஓர் ஆப்பு ஒரே அடியில் மூன்று இடங்களை இறுக்கிவிடுகிறது.

நாக்கின் முனையையும் அது போய் நிற்கும் முட்டையும் நேர்கோணத்தில் வெட்டாமல் சற்று உட்சாய்வாக வெட்டினால், ஊர்ந்து வந்த நாக்கு எதிர் மரத்தின் விளிம்புக்கு அடியில் புகுந்துகொள்ளும். பிறகு அது மேலே கிளம்பவும் முடியாது, பக்கவாட்டில் எளிதாக முறுக்கவும் முடியாது. கடைசியாக நான்கு மர முளைகளைக் குறுக்கே அடித்து நிறுத்துவார்கள். எசெக்ஸ் பகுதியின் பழைய கட்டடங்களை ஆராய்ந்த செசில் ஹ்யூவிட், இத்தகைய இணைப்புகளின் வடிவத்தைக் கொண்டே கட்டடத்தின் காலத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார். தலைமுறைக்குத் தலைமுறை தச்சர்கள் நாக்கின் முனையையும் ஆப்பின் இடத்தையும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு பாதிகளும் ஒரே வடிவம்; ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றது. ஆகவே மெல்லிய பலகையில் ஓர் அச்சு வெட்டிக்கொண்டு, அதையே இரண்டு மரங்களிலும் இரண்டு பக்கங்களிலும் வைத்து வரையலாம். மரத்தின் விளிம்பை நம்பாமல், நூல் பிடித்துத் தட்டிய நடுக்கோட்டை நம்பி அச்சை வைக்க வேண்டும். விளிம்பு வளைந்திருந்தால் அந்த வளைவு இணைப்புக்குள்ளும் வந்துவிடும். ரம்பத்தால் கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி அறுத்து, மீதியை உளியாலும் இழைப்புளியாலும் சீவுவார்கள். ஒரு பாதியில் சுண்ணாம்புக் கட்டியைத் தடவி, மற்றதை மேலே வைத்து எடுத்தால், எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. நாக்கின் முனைகள் முட்டில் முழுசாகப் படிவதே முதல் தேவை. சாய்வுப் பரப்பு அங்கங்கே மயிரிழை விலகியிருந்தாலும் பெரிய பாதகமில்லை.

இவ்வளவு கவனமாகச் செய்த இணைப்பும் முழுமரத்துக்குச் சமமாகாது. ஏன் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்று காட்டும். வளைவைத் தாங்கும் வலு, சட்டத்தின் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 சென்டிமீட்டர் உயர மரம் இணைப்பின் நடுவில் பத்தும் பத்துமாகப் பிரிந்து கிடக்கிறது. உயரம் பாதியானால் வலு கால்வாசி. இரண்டு கால்வாசிகளும் ஒத்துழைத்தாலும் பாதிதான். ஆப்பின் சந்தும் முளைத் துளைகளும் அதிலும் கொஞ்சம் தின்றுவிடும்.

அப்படியானால் பாதி வலுவுள்ள ஓர் இடத்தை வைத்துக்கொண்டு அறுநூறு ஆண்டுகள் எப்படிக் கூரையைத் தாங்க முடியும்? விடை, இணைப்பை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

பல தூண்கள் மேல் தொடர்ந்து ஓடும் உத்தரம், தூண்களுக்கு நடுவில் கீழே தொய்கிறது. தூணின் தலைக்கு நேராக மேல்நோக்கி வளைகிறது. அந்த இரண்டு வளைவுகளும் மாறும் இடத்தில் வளைவே இல்லை. சம எடை சம இடைவெளிகளில் பரவியிருக்கும் நெடிய உத்தரத்தில் அது தூணிலிருந்து இடைவெளியின் ஐந்தில் ஒரு பங்குத் தொலைவில் வரும். தூண்கள் 5 மீட்டருக்கு ஒன்றாக நின்றால், தூணைத் தாண்டி ஏறத்தாழ ஒரு மீட்டரில். பழைய களஞ்சியங்களில் இணைப்புகள் பெரும்பாலும் தூணைத் தாண்டிய அந்தப் பகுதியில்தான் கிடக்கின்றன. தூணிலிருந்து சாய்வாக ஏறும் கைத்தாங்கல் பக்கத்தில் வந்து முட்டுக்கொடுக்கிறது. அந்தத் தச்சர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டவர்கள் அல்லர். முறிந்த உத்தரங்கள் எங்கே முறிந்தன என்பதைப் பார்த்தவர்கள்.

எந்த நாக்கு கீழே இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வரும். தூணைத் தாண்டி வெளியே நீளும் மரம்தான் தாங்குவது. அடுத்த மரம் அதன்மேல் அமர்வது. ஆகவே தாங்கும் மரத்தின் நாக்கு கீழே. இதைத் தலைகீழாக வைத்துவிட்டால் அடுத்த மரத்தின் எடை முழுவதும் நான்கு முளைகளில் தொங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் பழுதுபார்க்கும் வேலைகளில் இந்தத் தவறு எளிதில் நேரும்.

கைமரத்தை நீட்டும்போதும் இதே நியாயம். சாய்ந்த கூரையில் முகட்டுக்கும் சுவருக்கும் இடையே குறுக்குச் சட்டம் ஒன்று ஓடினால் இணைப்பை அதன்மேலோ அதை ஒட்டியோ வைக்கலாம். இடைவெளியின் நடுவில் வைக்கக் கூடாது. சுவரோரம் உளுத்துப்போன கைமரத்தின் அடியை மட்டும் அறுத்துவிட்டுப் புது மரம் சேர்ப்பவர்கள் உளுத்த இடத்தோடு நிறுத்தாமல், நல்ல மரம் தொடங்கும் இடத்தைத் தாண்டியும் உள்ளே போய் வெட்டுவது அதற்காகத்தான்.

ஜப்பானில் கோயில் தூண்களின் அடி உளுத்தால் இதே குடும்பத்தைச் சேர்ந்த கனவா-ட்சுகி என்ற இணைப்பால் புது அடியைச் சேர்க்கிறார்கள். அதிலும் இரண்டு பாதிகளும் ஒரே வடிவம், நடுவில் ஓர் ஆப்பு. மேலே கூரை அப்படியே நிற்க, புது அடியைப் பக்கவாட்டில் நகர்த்திச் செருக அந்தச் சந்து இடம் கொடுக்கிறது. நம் பக்கத்துச் சிற்ப நூலான மயமதத்திலும் மர இணைப்புகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

பசை வந்தபின் இன்னொரு வழி திறந்தது. கொக்கி, ஆப்பு எதுவும் இல்லாமல் வெறும் சாய்வை வெட்டி ஒட்டுவது. படகு கட்டுபவர்களும், மரச் சட்டங்களில் விமானம் செய்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். மரத்தின் குறுக்கு வெட்டில் பசை பிடிக்காது. இழை ஓடும் பக்கத்தில்தான் பிடிக்கும். சாய்வு நீள நீளக் குறுக்கு வெட்டு குறைந்து இழைப்பக்கம் கூடுகிறது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் நன்றாக ஒட்டிய இணைப்பு முழுமர வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டும். ஆனால் நமது 20 சென்டிமீட்டர் உத்தரத்துக்கு அந்தச் சாய்வு 2 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளும். அத்தனை நீளத்துக்குப் பிசகில்லாத சமதளம் சீவி, உலர்ந்த மரத்தில் ஒரே சீராக இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஈர மரத்தில் இது நடக்காது. ஹார்மண்ட்ஸ்வர்த் போன்ற கட்டடங்களைக் கட்டியவர்களோ ஓக்கைப் பச்சையாகவே வெட்டிப் பூட்டினார்கள்.

பச்சை மரம் காயும்போது குறுக்கே சுருங்கும். அதனால் உத்தரம் பச்சையாக இருந்தாலும் ஆப்பும் முளையும் நன்கு உலர்ந்த மரமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் ஆப்பு தளர்ந்து கையோடு வந்துவிடும். ஆசையில் அதிகம் அடித்தாலும் ஆபத்து. கொக்கிக்குப் பின்னே இருக்கும் மரம் இழையோடு சேர்ந்து பலகையாகப் பெயர்ந்துபோகும். தட்டும் ஓசை மந்தத்திலிருந்து கணீரென்று மாறியதும் நிறுத்திவிட வேண்டும்.

பழைய வீட்டில் இப்படி ஓர் இணைப்பைப் பார்த்தால் கீழிருந்து டார்ச் அடித்து மூன்று இடங்களைச் சோதிக்கலாம். கீழ் நாக்கின் முனையில் வாய் திறந்திருக்கிறதா? படியின் உள்மூலையிலிருந்து இழையோடு ஒரு வெடிப்பு கிளம்பியிருக்கிறதா? முளைகள் நேராக நிற்கின்றனவா, குனிந்திருக்கின்றனவா? வாய் மட்டும் திறந்திருந்தால் ஆப்பை மாற்றி இறுக்கினால் தீரலாம். மூலையிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் ஆப்பைத் தொடவே கூடாது. முதலில் அடியில் ஒரு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தச்சரைக் கூப்பிட வேண்டும்.