பாலூட்டாத மார்பில் பால் கசிந்தால்

உள்ளாடையில் ஈரம் தெரிகிறது. மார்புக் காம்பை லேசாக அழுத்தினால் வெள்ளையாக ஒரு துளி வருகிறது. கர்ப்பம் இல்லை, கைக்குழந்தையும் இல்லை. கூடவே மாதவிலக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப் போயிருக்கிறது. இந்த நிலையில் ஒரு பெண்ணின் மனம் நேராகப் புற்றுநோய்க்குத்தான் ஓடும். ஆனால் இரண்டு மார்பிலும், பல துளைகளிலிருந்து, பால் நிறத்தில் வரும் கசிவு பெரும்பாலும் மார்பின் நோயால் வருவதில்லை. அதற்கான காரணத்தை மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் தேட வேண்டும். சில சமயம் சமையலறை அலமாரியில் கிடக்கும் மாத்திரை அட்டையிலும் தேட வேண்டும்.

பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனின் பெயர் புரோலாக்டின். பிட்யூட்டரி அதை எப்போதும் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும். அது அளவு மீறாமல் டோபமைன் என்ற வேதிப்பொருள் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் டோபமைன், பிட்யூட்டரி செல்களைத் தொட்டு 'போதும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பிள்ளை பெற்றவள் பாலூட்டும்போது இந்தப் பிடி தளர்கிறது, புரோலாக்டின் ஏறுகிறது, பால் ஊறுகிறது. ஏறிய புரோலாக்டின் இன்னொரு வேலையும் செய்கிறது. கருமுட்டையை வளர்த்து வெளியேற்றும் ஹார்மோன்களை அடக்கிவிடுகிறது. பாலூட்டும் தாய்க்குச் சில மாதங்கள் மாதவிலக்கு வராமல் இருப்பது இதனால்தான். பிரசவமே இல்லாமல் புரோலாக்டின் ஏறினாலும் உடம்பு அதே போலத்தான் நடந்துகொள்கிறது. அதனால்தான் பால் கசிவும் மாதவிலக்குக் கோளாறும் சேர்ந்து வருகின்றன.

நம் ஊரில் அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஜவுளிக்கடையில் பில் போடும் 27 வயதுப் பெண். இன்னும் திருமணம் ஆகவில்லை. மாதவிலக்கு சீராக இல்லாததால் பி.சி.ஓ.டி.யாக இருக்கும் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பால் கசிவைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மருத்துவரிடம் சொன்னபோது ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். புரோலாக்டின் 92 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது பெரும்பாலான ஆய்வகங்களின் கணக்கில், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். கர்ப்பப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. தைராய்டும் சரியாக இருந்தது.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார் மருத்துவர்.

"ஒண்ணுமில்லைங்க டாக்டர். காலையில வெறும் வயித்துல ஒரு கேஸ் மாத்திரை மட்டும்தான்."

அந்தக் கேஸ் மாத்திரையில்தான் விடை இருந்தது. நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலையால் வந்த நெஞ்செரிச்சலுக்கு யாரோ எழுதிக் கொடுத்தது. பழைய சீட்டைக் காட்டி ஐந்து மாதமாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அட்டையின் பின்பக்கம் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ரெபிப்ரசோல். அது அமிலத்தைக் குறைப்பது; பொதுவாகப் புரோலாக்டினை ஏற்றுவதில்லை. மற்றொன்று லெவோசல்பிரைடு. உணவு இரைப்பையை விட்டு வேகமாக நகர உதவும் இந்த மருந்து, டோபமைன் வந்து ஒட்ட வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. கடிவாளம் பிடி இழக்கிறது, புரோலாக்டின் எகிறுகிறது. பேண்டப்ரசோலுடன் சேர்த்து விற்கப்படும் டோம்பெரிடோனும், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும் இதே வகையைச் சேர்ந்தவை.

மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, வெறும் அமிலம் குறைக்கும் மருந்துக்கு மாற்றினார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது புரோலாக்டின் 14. கசிவு மெல்ல நின்றது. ஆறாவது வாரத்தில் மாதவிலக்கு வந்தது. ஸ்கேனுக்கு அவசியமே ஏற்படவில்லை.

முதலில் ஸ்கேன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் தலையை ஸ்கேன் செய்தாலும், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சிறு புள்ளி ஒன்று தெரியக்கூடும். அப்படி ஒன்று தெரிந்திருந்தால் 'மூளையில் கட்டி' என்ற பேச்சு வீட்டுக்குள் நுழைந்திருக்கும். மாத்திரை பின்னுக்குப் போயிருக்கும். ஆகவே கர்ப்பம், மருந்து, தைராய்டு, சிறுநீரகம் என்று பார்த்துவிட்டு ஸ்கேனுக்குப் போவதே சரியான வரிசை. தைராய்டு குறைந்தால், அதைத் தூண்ட மூளை அனுப்பும் ஹார்மோன் புரோலாக்டினையும் சேர்த்தே தூண்டிவிடுகிறது. தைராய்டு மாத்திரையிலேயே இரண்டும் அடங்கிவிடும்.

பரிசோதனை முடிவையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். தூக்கத்திலும், பதற்றத்திலும், ஊசி குத்தும் வலியிலும்கூடப் புரோலாக்டின் ஏறும். எழுந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, சற்று அமைதியாக உட்கார்ந்திருந்து ரத்தம் கொடுப்பது நல்லது. 30, 40 என்று கொஞ்சம் கூடுதலாக வந்தால் மறுமுறை பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பால் வருகிறதா என்று தினமும் அழுத்திப் பார்ப்பதும் கசிவை நீடிக்கச் செய்யும்.

மனநல சிகிச்சையில் தரப்படும் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மருந்துகளும் புரோலாக்டினை வெகுவாக ஏற்றும். ஆனால் இவற்றை ஒரு நாளும் தாமாக நிறுத்தக் கூடாது; அடங்கியிருந்த நோய் திரும்பக்கூடும். மருந்து எழுதிய மனநல மருத்துவரிடம் கசிவைப் பற்றிச் சொன்னால், அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவரால் முடியும்.

இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல் அளவு உயர்ந்தே நின்றால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். 200-க்கு மேல் போனால், புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி இருக்கவே வாய்ப்பு அதிகம். இது புற்றுநோய் அல்ல. பெண்களிடம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். அறுவை சிகிச்சையும் பலருக்குத் தேவைப்படுவதில்லை. டோபமைனைப் போலவே வேலை செய்யும் கேபர்கோலின் மாத்திரையை வாரம் ஓரிரு முறை எடுத்துக்கொண்டால் புரோலாக்டின் இறங்கும், கட்டியும் சுருங்கும். இந்த மாத்திரை தொடங்கியபின், நின்றுபோன மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தரித்துவிடலாம் என்பதைத் திருமணமான பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காரணத்தைத் தேடாமல் மாதவிலக்கு வரவழைக்கும் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் கோளாறு உள்ளேயே இருக்கும். நீண்ட காலம் ஈஸ்ட்ரோஜன் குறைந்தே இருந்தால் எலும்பும் வலுவிழக்கும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. விடாத தலைவலியோடு இரண்டு பக்க ஓரப் பார்வையும் மங்கினால் கட்டி பெரிதாகி, பார்வை நரம்பை அழுத்துகிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவில் ரத்தம் கலந்திருந்தாலோ, ஒரே மார்பில் ஒரே துளையிலிருந்து தானாக வந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ அது வேறு விஷயம். அங்கே மார்பகத்தையே பரிசோதிக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், 'சாதாரண கேஸ் மாத்திரை' உட்பட, பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்த அட்டையின் பின்பக்கத்தை மருத்துவர் படித்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.